சதுர அடி ரேட் குறைவு, மொத்தத் தொகை அதிகம்: அலுமினிய ஜன்னல் கொட்டேஷனை எப்படி ஒப்பிடுவது?

புதுவீடு | ஜூன் 3, காலை 9.15

ஃபிளாட்டுக்கு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் போடணும். பூச்சு வேலை முடிஞ்சு, கீழே கல்லும் பதிச்சாச்சு. நானே டேப் வச்சு எடுத்த அளவு இது. அகலம் முதலில், உயரம் அடுத்து, எல்லாம் இஞ்சில்.

ஹால்: 70 × 50
படுக்கையறை இரண்டு: தலா 58 × 47
கிச்சன்: 40 × 34
பாத்ரூம் வென்டிலேட்டர் இரண்டு: தலா 22 × 16

மூணு பேர் கொட்டேஷன் கொடுத்திருக்காங்க. ஃபிரேம், கண்ணாடி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவுன்னு. பணத்தைச் சொன்னா ஊருக்கு ஊர் மாறும். அதனால முதல் ஆள் ரேட்டை 100ன்னு வச்சுக்கறேன். இரண்டாம் ஆள் 108, மூணாம் ஆள் 112. 100 சொன்னவருக்கே கொடுத்துடலாம்தானே?

வாசற்கால் | ஜூன் 3, காலை 9.40

ஃபிளாட் மொத்தம் எத்தனை சதுர அடி என்று சொல்லவே இல்லையே. 1000 சதுர அடியா, 1200ஆ? அது தெரியாமல் எந்த ரேட் லாபம் என்று எப்படிச் சொல்வது?

புதுவீடு | ஜூன் 3, காலை 9.52

ஃபிளாட்டோட தரை அளவு இதுல வராதுங்க. ஜன்னல் அடைக்கிற பரப்புக்குத்தான் ரேட்.

ரசமட்டம் | ஜூன் 3, காலை 11.05

ரேட்டை விடுங்கள். மூன்று தாளிலும் மொத்தச் சதுர அடி எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? ஆறு ஓப்பனிங்கும் அதே ஆறுதான், ஆனால் மூன்று பேரும் ஒரே எண்ணை எழுதியிருக்க மாட்டார்கள்.

புதுவீடு | ஜூன் 3, மதியம் 1.20

பார்த்தேன். 100 சொன்னவர் 90 சதுர அடி, 108 சொன்னவர் 82, 112 சொன்னவர் 76.5. என் அளவு ஒண்ணுதான், இவ்வளவு வித்தியாசம் எப்படி?

ரசமட்டம் | ஜூன் 3, மதியம் 2.10

மூன்றுமே உங்கள் அளவிலிருந்து வந்தவைதான். ஒவ்வொருவரும் அளவை மேல்நோக்கி நகர்த்தும் விதம்தான் வேறு.

76.5 என்பது உள்ளது உள்ளபடி. இஞ்சில் பெருக்கி 144ஆல் வகுத்தால் ஹால் 24.3, படுக்கையறை இரண்டும் சேர்த்து 37.9, கிச்சன் 9.4, வென்டிலேட்டர் இரண்டும் 4.9. கூட்டினால் 76.5.

82 என்பது அகலம், உயரம் இரண்டையும் அடுத்த 3 இஞ்சுக்கு ஏற்றிய கணக்கு. ஹால் 72 × 51, படுக்கையறை 60 × 48, கிச்சன் 42 × 36, வென்டிலேட்டர் 24 × 18.

90 என்பது முழு அடிக்கு ஏற்றியது. ஹால் 6 × 5, படுக்கையறை 5 × 4, கிச்சன் 4 × 3. வென்டிலேட்டரைப் பாருங்கள்: 22 × 16 இஞ்சு 2 × 2 அடியாகிவிட்டது. உள்ளது 2.44 சதுர அடி, எழுதியது 4.

இப்போது ரேட்டால் பெருக்குங்கள். முதல் ஆள் 9000, இரண்டாம் ஆள் 8856, மூன்றாம் ஆள் 8568. வரிசை அப்படியே தலைகீழ். முதல் ஆள் உள்ளபடி அளந்திருந்தால் அவர் ரேட் சதுர அடிக்கு 117.6 ஆகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 3, மாலை 4.30

இது அப்பட்டமான ஏமாற்று. மில்லிமீட்டர் வரை அளந்து அதற்கு மட்டும்தான் பணம் கொடுக்க வேண்டும். 3 இஞ்சுக்கு ஏற்றுவது என்பதே வராத பொருளுக்கு வாங்கும் காசு. உங்கள் கணக்கில் 7 சதவீதம் கூடுதல். சேதாரம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பல ஓப்பனிங் உள்ள வீட்டில் ஒரு ஜன்னலில் மிஞ்சியது இன்னொன்றுக்கு உதவும். 58 இஞ்சுத் துண்டு இரண்டு வெட்டினால் 12 அடிப் பட்டையில் 28 இஞ்சு மிஞ்சும், அதில் 22 இஞ்சு வென்டிலேட்டர் வந்துவிடும்.

பட்டறை | ஜூன் 3, இரவு 8.45

நான் வெட்டுகிற ஆள், அதனால் சொல்கிறேன். அந்த 28 இஞ்சுத் துண்டில் வென்டிலேட்டர் வராது. ஸ்லைடிங் ஜன்னலின் டிராக் வேறு செக்‌ஷன், வென்டிலேட்டர் ஃபிரேம் வேறு செக்‌ஷன். நீளம் பொருந்தினாலும் வடிவம் பொருந்தாது. கிச்சனுக்கோ 40 இஞ்சு வேண்டும், 28 போதாது.

மேல், கீழ் இரண்டுக்கும் ஒரே டிராக் என்று வைத்து இந்த வீட்டையே வெட்டிப் பார்ப்போம். 70 இஞ்சு இரண்டு, 58 இஞ்சு நான்கு, 40 இஞ்சு இரண்டு. மொத்தம் 452 இஞ்சு. 12 அடிப் பட்டை என்றால், ஒன்றில் 70ம் 70ம், மிச்சம் 4. அடுத்ததில் 58, 40, 40, மிச்சம் 6. மூன்றாவதில் 58ம் 58ம், மிச்சம் 28. நான்காவதில் ஒரே ஒரு 58, மிச்சம் 86, அது அடுத்த வேலைக்கு ஆகும். 86ஐத் தள்ளிவிட்டாலும் 38 இஞ்சு பழைய இரும்புக்கடை பக்கம் போகிறது. எடுத்ததில் கிட்டத்தட்ட 8 சதவீதம். நீங்கள் சொல்லும் 7 எங்கே போகிறது என்று இப்போது தெரியும்.

ரசமட்டம் | ஜூன் 3, இரவு 9.30

பட்டறை சொல்வது 12 அடிப் பட்டைக்குச் சரி. இதே வேலையை 16 அடிப் பட்டையில் வெட்டினால் 70, 58, 58 சேர்ந்து 186. 192இல் 6 இஞ்சுதான் மிச்சம், அதிலும் பிளேடு தின்பது கொஞ்சம். அப்படி இரண்டு பட்டை, மூன்றாவதில் கிச்சனின் 40 இரண்டு, மீதி 112 இஞ்சு முழுதாகக் கையில். சேதாரம் 12 இஞ்சு, 3 சதவீதத்துக்கும் கீழே. ஆக, சேதாரம் என்பது பொய்யும் இல்லை, எல்லா வேலைக்கும் ஒரே அளவும் இல்லை. எந்த நீளப் பட்டை கிடைக்கிறதோ, அளவுகளை எப்படிச் சேர்த்து வெட்டுகிறார்களோ, அதைப் பொறுத்தது.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, காலை 7.10

செக்‌ஷன் வேறு என்பதை யோசிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேதாரம் உண்டு என்றால் ரேட்டில் சேர்க்கட்டும். அளவில் ஏன் ஒளிக்க வேண்டும்? அந்தக் கருத்தில் மாற்றம் இல்லை.

புதுவீடு | ஜூன் 4, காலை 8.25

இரண்டாம் ஆள் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்துல "ஒரு ஓப்பனிங்குக்குக் குறைந்தபட்சம் 5 சதுர அடி"ன்னு இருக்கு. அப்படின்னா?

ரசமட்டம் | ஜூன் 4, காலை 8.50

அப்படியென்றால் வென்டிலேட்டர் ஒவ்வொன்றும் 3 அல்ல, 5. 82இல் 6ஐக் கழித்து 10ஐச் சேருங்கள், 86. அவருடைய தொகை 9288. மூவரில் இப்போது அவர்தான் அதிகம். முன்பக்கத்தை மட்டும் வைத்து நேற்று நான் போட்ட வரிசையும் தப்பாகிவிட்டது.

பட்டறை | ஜூன் 4, காலை 10.15

குறைந்தபட்ச அளவு வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஜன்னலுக்கு ஆகும் அலுமினியம் சுற்றளவைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்தது அல்ல. ஹால் ஜன்னலின் சுற்றளவு 20 அடி, பரப்பு 24.3. ஒரு சதுர அடிக்கு வெளி ஃபிரேம் 0.8 அடிதான். வென்டிலேட்டரின் சுற்றளவு 6.3 அடி, பரப்பு 2.44. ஒரு சதுர அடிக்கு 2.6 அடி. மூன்று மடங்குக்கு மேல். நாலு மூலை வெட்டு, நாலு மூலை இணைப்பு, சுவரில் துளை, சுற்றிலும் சிலிக்கான், எல்லாம் பெரிய ஜன்னலுக்கு இருப்பதுபோல இதற்கும் உண்டு. இதை ஒரே ரேட்டில் 2.44 சதுர அடிக்குச் செய்தால் கையிலிருந்து போகும்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, காலை 10.40

அப்படிப் பார்த்தால் பெரிய ஹால் ஜன்னலுக்கு ரேட் குறைய வேண்டுமே, யாராவது குறைக்கிறார்களா?

பட்டறை | ஜூன் 4, காலை 11.20

கேட்டால் குறைப்பார்கள், கேட்காவிட்டால் குறைக்க மாட்டார்கள். நான் விரும்புவது வென்டிலேட்டருக்கு உருப்படி விலை, மற்றவற்றுக்குச் சதுர அடி ரேட். இரண்டையும் ஒரே ரேட்டில் போடும்போதுதான் இந்தச் சின்ன எழுத்து எல்லாம் தேவைப்படுகிறது.

மாடிவாசி | ஜூன் 4, மதியம் 12.30

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டு ஸ்லைடிங் ஜன்னல்ல மழை வந்தா கீழ் டிராக்ல தண்ணி நின்னு உள்ள வழியுது. செக்‌ஷன் லேசா இருக்கறதாலயா? கனமான செக்‌ஷன் போட்டா சரியாகுமா?

ரசமட்டம் | ஜூன் 4, மதியம் 1.05

கனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டிராக்கின் வெளிப்பக்கம் அடியில் தண்ணீர் வெளியேற நீளவாக்கில் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். ஒன்று துளை போட்டிருக்க மாட்டார்கள், அல்லது வெளிப்பக்கம் சிலிக்கான் இழுத்தபோது அதையும் சேர்த்து அடைத்திருப்பார்கள். ஒரு குவளைத் தண்ணீரை டிராக்கில் ஊற்றிவிட்டு வெளியே எட்டிப் பாருங்கள். வெளியே சொட்டவில்லை என்றால் கத்தியால் அந்தச் சிலிக்கானைக் கீறி எடுத்தால் போதும். துளையே இல்லையென்றால் ஷட்டரைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். எங்கே போடுவது என்பது செக்‌ஷனைப் பொறுத்தது, செய்தவரையே கூப்பிடுங்கள்.

புதுவீடு | ஜூன் 4, மாலை 6.40

மூணு பேருக்கும் போன் போட்டேன். புதுசா ஒண்ணு தெரிஞ்சது. 100 சொன்னவர் ரேட்ல கொசுவலை ஷட்டரும் சேர்ந்திருக்கு, மூணு டிராக். 112 சொன்னவர் இரண்டு டிராக்தான், வலை கிடையாது. வலை வேணும்னா நாலு ஸ்லைடிங் ஜன்னலுக்கும் சதுர அடிக்கு 22 கூடுதல்னு சொல்றார். சும்மா ஒரு வலைக்கு 22ஆ?

பட்டறை | ஜூன் 4, இரவு 7.30

வலை மலிவு. அதைத் தாங்கும் அலுமினியம்தான் விலை. ஹால் ஜன்னலையே எடுங்கள். வெளி ஃபிரேம் 240 இஞ்சு. கண்ணாடி ஷட்டர் இரண்டு, நிற்கும் கட்டை நாலு, படுக்கும் கட்டைகள் சேர்ந்து இரண்டு முழு அகலம். 200ம் 140ம், மொத்தம் 340. ஆக இரண்டு டிராக்கில் 580 இஞ்சு. வலைக்கு இன்னொரு ஷட்டர் வந்தால் 50 இஞ்சில் இரண்டு, 35 இஞ்சில் இரண்டு, 170 கூடும். நீளத்தில் மட்டும் 29 சதவீதம். டிராக் இரண்டிலிருந்து மூன்றாகும்போது வெளி ஃபிரேமும் அகலமாகும், அதன் எடையும் ஏறும். 22 கேட்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

ரசமட்டம் | ஜூன் 4, இரவு 8.10

அப்படியானால் கணக்கை மறுபடி போட வேண்டும். ஸ்லைடிங் நான்கும் சேர்ந்து 71.6 சதுர அடி, 22ஆல் பெருக்கினால் 1575. மூன்றாம் ஆளின் தொகை 10143. முதல் ஆளுடையது அதே 9000. முழு அடிக்கு ஏற்றி எழுதியும் முதல் ஆள்தான் குறைவு.

நேற்று அவரைக் குறை சொன்னது அவசரம். அளவு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது உண்மை, ஆனால் பொருள் ஒன்றா என்று பார்க்காமல் தொகையை ஒப்பிட்டுவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி. இருவரும் போடும் செக்‌ஷன் ஒரே எடையா? ஆளுக்கு ஓரடித் துண்டு கேட்டு வாங்குங்கள். இரண்டும் அதே பாகமாக இருக்க வேண்டும். ஷட்டரின் கைப்பிடிப் பக்கக் கட்டை என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 4, இரவு 8.35

துண்டு கிடைத்ததும் வெர்னியர் வைத்து கனம் பாருங்கள். 1.2 மி.மீ. இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

புதுவீடு | ஜூன் 6, காலை 10.30

துண்டு இரண்டும் வந்தது. வெர்னியர்ல முதல் ஆளோடது 1.2, மூணாம் ஆளோடது 1.5. சமையல் தராசுல வச்சா 122 கிராம், 158 கிராம்.

ரசமட்டம் | ஜூன் 6, காலை 11.15

வெர்னியரில் வந்தது அலுமினியத்தின் கனம் மட்டும் அல்ல, பவுடர் கோட்டிங்கும் சேர்ந்தது. ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.15 மி.மீ. போல. வெட்டிய முனையில் ஒரு ஓரத்தை உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்து, வெள்ளிநிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.

புதுவீடு | ஜூன் 6, மதியம் 12.50

தேய்ச்சேன். 1.05, 1.36.

ரசமட்டம் | ஜூன் 6, மதியம் 1.25

1.36ஐ 1.05ஆல் வகுத்தால் 1.295. 158ஐ 122ஆல் வகுத்தாலும் அதே. தராசும் வெர்னியரும் ஒரே கதையைச் சொல்கின்றன. மூன்றாம் ஆளின் செக்‌ஷன் 30 சதவீதம் கனம்.

தொகை வித்தியாசம் 12.7 சதவீதம். மொத்த விலையில் அலுமினியத்தின் பங்கு பாதி என்று வைத்தால், 30 சதவீதக் கூடுதல் எடை விலையை 15 சதவீதம் ஏற்றும். அப்படிப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய ஒரே நியாயத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் லேசான பொருளைக் குறைந்த விலைக்குத் தருகிறார், இன்னொருவர் கனமானதைக் கூடுதல் விலைக்கு.

பட்டறை | ஜூன் 6, மதியம் 2.00

பாதி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணாடி 4 மி.மீ.யா, 5 மி.மீ.யா, டஃபன் செய்ததா என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு நிறைய மாறும். இருவரும் என்ன கண்ணாடி எழுதியிருக்கிறார்கள்?

புதுவீடு | ஜூன் 6, மதியம் 2.15

இரண்டுலயும் 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடி.

பட்டறை | ஜூன் 6, மதியம் 2.40

அப்படியானால் வந்து இறங்கும்போதே அளந்துவிடுங்கள். கண்ணாடியின் ஓரம் கேஸ்கட்டுக்குள் போய்விட்டால் 4ஐயும் 5ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. 5 என்று வருவது 4.8 காட்டினாலும் பரவாயில்லை, 3.8 காட்டினால் திருப்பி அனுப்புங்கள். எடையிலும் தெரியும். ஹாலின் ஒரு ஷட்டருக்கு 5 மி.மீ. கண்ணாடி 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும், 4 மி.மீ. என்றால் 11 கிலோ. ரோலரும் அந்த எடையைத் தாங்குவதாக இருக்க வேண்டும், அதன் பெயரையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 6, மாலை 5.20

1.05 போதாது என்று யாரும் சொல்லவில்லையே. கிச்சனில் 34 இஞ்சு உயரத்துக்கு 1.36 எதற்கு?

ரசமட்டம் | ஜூன் 6, மாலை 6.05

நல்ல கேள்வி. கிச்சனுக்கு 1.05 போதும் என்றுதான் எனக்கும் படுகிறது. ஹாலில் ஷட்டர் 50 இஞ்சு உயரம். காற்று தள்ளும்போது இரண்டு ஷட்டரும் சேரும் நடு இன்டர்லாக்தான் வளையும், மேலும் கீழும் டிராக் பிடித்திருக்கும், நடுவில் பிடிப்பு இல்லை. உயரம் கூடக்கூட இந்த வளைவு மிக வேகமாக ஏறும். எந்த மாடி, எதிரே வெட்டவெளியா என்பதும் சேரும். முதல் ஆள் ஏற்கெனவே பொருத்திய, ஏறக்குறைய இதே உயரமுள்ள ஜன்னல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மூடிய நிலையில் இன்டர்லாக்கின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். இடைவெளி திறந்து வெளிச்சம் தெரிந்தால் ஹாலுக்கு அந்த செக்‌ஷன் வேண்டாம்.

பட்டறை | ஜூன் 6, மாலை 6.50

ஹாலுக்கு ஒன்று, கிச்சனுக்கு ஒன்று என்று இரண்டு செக்‌ஷன் கலந்தால் சேதாரம் கூடும், நிறமும் ஒரே தொகுதியில் வராமல் போகலாம். நான் செய்ய மாட்டேன்.

புதுவீடு | ஜூன் 8, காலை 9.05

ரசமட்டம் சொன்ன மாதிரி முதல் ஆள் வேலை செஞ்ச ஒரு வீட்டுல அழுத்திப் பார்த்தேன். 48 இஞ்சு உயரம். விரல் நகம் நுழையற அளவு திறந்தது. மூணாம் ஆள்கிட்டதான் போகப்போறேன். வென்டிலேட்டர் இரண்டையும் உருப்படி விலையா பேசிட்டேன். இப்ப அவர் சொந்தமா அளவு எடுத்துட்டுப் போனார். ஒரு படுக்கையறையில மேல 58, நடுவுல 57¾, கீழ 57½ வருதாம். 57½க்குத்தான் ஃபிரேம் போடுவேன்கிறார். பில் மட்டும் 58க்கு. இதுலயும் பேசணுமா?

ரசமட்டம் | ஜூன் 8, காலை 9.40

அதில் பேச வேண்டாம். அரை இஞ்சு வித்தியாசம் 0.16 சதுர அடிதான். மூன்று இடத்தில் அளந்து குறைந்ததை எடுத்தது சரியான முறை. உயரத்தையும் அப்படியே எடுத்தாரா, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

57½ என்பது 1460 மி.மீ., இரு பக்கமும் 4 மி.மீ. விட்டால் ஃபிரேம் 1452 வரும். அப்போது மேலே ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி நிற்கும். அதை வெறும் சிலிக்கானால் அடைத்தால் நடுவில் குழிந்து பிரியும். உள்ளே நுரைக்கயிறு திணித்துவிட்டு மேலே சிலிக்கான் இழுக்கச் சொல்லுங்கள்.

பட்டறை | ஜூன் 8, காலை 10.20

சில இடத்தில் இந்த இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடுவார்கள். அதை விடாதீர்கள். ஈரச் சிமென்ட் அலுமினியத்தை அரிக்கும், கோட்டிங்கில் கீறல் இருந்தால் அந்த இடத்தில் முதலில் வெள்ளையாகப் பூக்கும். சுவரை நேராக்கத்தான் வேண்டும் என்றால் ஃபிரேம் வருவதற்கு முன்பே பூசிக் காயவிட்டு, அதன்பிறகு மறுபடி அளக்க வேண்டும். மேலே கால் இஞ்சு கால் இஞ்சாக இரு பக்கமும் பூசினால் அந்த 58ம் 57½ ஆகிவிடும்.

புதுவீடு | ஜூன் 8, காலை 10.45

கொத்தனார் வியாழக்கிழமை வர்றார். அதுக்கப்புறம் அளவு மாறினா கொட்டேஷனையும் மாத்தி எழுதித் தருவாராம்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 8, காலை 11.30

எழுதித் தரும்போது ஓப்பனிங் வாரியாகச் சதுர அடியும் இருக்கட்டும். மொத்தம் மட்டும் போட்டால் எதில் ஏற்றினார்கள் என்று தெரியாது. 3 இஞ்சு விவகாரத்தில் பட்டறையோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.